மைஎஸ்க்யூஎல் எந்த அடுக்கு?

கேள்வி: ஒன்பது கிளைகள் உள்ள ஒரு துணிக்கடை நிறுவனத்தின் ஐடி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் அமைப்பை பிசினஸ், டேட்டா, அப்ளிகேஷன், டெக்னாலஜி என நான்கு அடுக்காகப் படம் போடச் சொன்னார் மேலாளர். பில்லிங் சாஃப்ட்வேரை பிசினஸிலும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை டேட்டாவிலும் போட்டேன். இரண்டும் தப்பு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எது எங்கே வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பில்லிங் சாஃப்ட்வேர் அப்ளிகேஷன் அடுக்கில் வரும். மைஎஸ்க்யூஎல், அது ஓடுகிற சர்வரோடு சேர்ந்து டெக்னாலஜி அடுக்குக்குப் போகும். இந்த இரண்டாவதில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். நாளைக்கே மைஎஸ்க்யூஎல்லை எடுத்துவிட்டு போஸ்ட்கிரஸ் என்ற வேறொரு டேட்டாபேஸைப் போட்டாலும், பில் என்றால் என்ன, அதில் என்னென்ன இருக்க வேண்டும், சரக்கு விவரத்தைத் திருத்தும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் மாறாது. மாறாத அந்த விஷயங்கள்தான் டேட்டா அடுக்கு.

பெட்டிகளை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. ஒரு மாற்றத்தை மேலிருந்து கீழே நடத்திப் பாருங்கள். ‘எந்தக் கிளையில் வாங்கினாலும் 30 நாளுக்குள் எந்தக் கிளையிலும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று உங்கள் முதலாளி அறிவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

பிசினஸ் அடுக்கில் எழும் கேள்விகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே இல்லை. தி.நகரில் வாங்கிய புடவையை மதுரையில் திருப்பித் தந்தால், விற்பனை எந்தக் கிளைக் கணக்கில் குறையும்? புடவை மதுரை இருப்பில் சேருமா, தி.நகருக்குத் திரும்புமா? இதற்கு ஒப்புதல் தருவது யார்? பதில் சொல்ல வேண்டியவர்கள் கடை மேலாளரும் கணக்குப் பிரிவும்தான்.

அடுத்து டேட்டா. மதுரை கவுண்டரில் இருப்பவர் அந்த பில்லைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காண வேண்டும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துகளுக்குள், ஒரு நிதியாண்டுக்குள் இரட்டிக்காமல் இருந்தால் போதும். ஏப்ரலில் எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் கடையில், பில் எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் போன வருடத்து பில்லும் வந்து நிற்கும். அப்படியானால் எண்ணோடு நிதியாண்டும் சேர்ந்தால்தான் அடையாளம் முழுமையாகும். இதைவிடப் பெரிய தலைவலி சரக்குக் குறியீடு. ஒவ்வொரு கிளையும் தன் பார்கோடைத் தானே அச்சடித்துக்கொண்டிருந்தால், ஒரே ரகப் புடவைக்கு ஒன்பது குறியீடு இருக்கும். எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் இது தானாகச் சரியாகாது. குறியீடு கொடுக்கும் பொறுப்பு ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும்.

அப்புறம் அப்ளிகேஷன். கிளைகளின் பில்லிங் சாஃப்ட்வேர் இரவில் மட்டும் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்புகிறது என்றால், ஒரே பில்லை மதியம் மதுரையிலும் மாலை திருச்சியிலும் காட்டி இரண்டு முறை மாற்றிவிடலாம். மறுநாள் ஒருங்கிணைந்த அறிக்கையில் ஒரே பில்லுக்கு எதிராக இரண்டு கிரெடிட் நோட் தெரிந்தால், இதுதான் நடந்திருக்கிறது. ஆகவே எந்த பில்லில் எந்தப் பொருள் ஏற்கெனவே திரும்பிவிட்டது என்று அந்தந்த நொடியில் பதில் சொல்லும் ஒரு பொதுச் சேவை தேவை.

கடைசியாக டெக்னாலஜி. அந்தச் சேவை எந்த சர்வரில் ஓடும், கிளைக்கு இரண்டாவது இணைய இணைப்பு வேண்டுமா என்பதெல்லாம் இங்கே. இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? குறிப்பிட்ட தொகைக்குள் என்றால் நம்பி மாற்றிக் கொடுக்கலாமா? பாருங்கள், கேள்வி மறுபடி பிசினஸுக்கே போய்விட்டது. படம் மேலிருந்து கீழே வரைவதுதான். ஆனால் வேலை ஒரே நேர்கோட்டில் போகாது.

நிறுவனத்தின் அமைப்பை இப்படி அடுக்குகளாகத் திட்டமிடும் துறையில் பரவலாகப் பயன்படும் டோகாஃப் முறையும் இதே வரிசையில்தான் போகிறது. முதலில் பிசினஸ், பிறகு ஒரே கட்டத்தில் டேட்டாவும் அப்ளிகேஷனும், அதன் பின் டெக்னாலஜி. நடுவில் உள்ள இரண்டில் எதை முதலில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். சரக்குக் குறியீடே குழம்பிக் கிடக்கும் இடத்தில் நான் டேட்டாவைத்தான் முதலில் எடுப்பேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் சர்வரை முதலில் வாங்கிவிட்டோம். எந்தக் கிளையின் சரக்குப் பட்டியலை அதில் ஏற்றுவது என்று முடிவாகவே மாதக்கணக்கில் ஆனது. அதுவரை சர்வர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது உங்கள் படத்தைத் திரும்ப வரையுங்கள். முழு நிறுவனத்தையும் போட வேண்டாம், இந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் தனக்கு மேலே உள்ள எதற்கு உதவுகிறதோ அதற்கு ஒரு கோடு இழுங்கள். மேலே கோடே போகாத சர்வர் இருந்தால், அதற்கு ஏன் பணம் கட்டுகிறோம் என்று கேளுங்கள். கீழிருந்து கோடே வராத பிசினஸ் வேலை இருந்தால், கவுண்டருக்குப் போய்ப் பாருங்கள். யாரோ ஒருவர் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பார்.