ஸ்டென்ட் வைத்த பிறகும் மாத்திரை எதற்கு?

"அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். கொழுப்பை எடுத்தாயிற்றே, இனி மாத்திரை எதற்கு?"

கொழுப்பை எடுக்கவில்லைங்க, அது அங்கேயேதான் இருக்கிறது. குழாயின் உள்பக்கம் சேறு மாதிரி அது ஒட்டியிருப்பதில்லை. உட்சவ்வைத் தாண்டிச் சுவருக்குள்ளேயே புகுந்துவிடும். அதை விழுங்க வரும் வெள்ளணுக்களும் அங்கேயே செத்துக் குவியும். மேலே நார்த்திசு மூடி, பல வருடங்களில் சுவர் தடித்துப் பாதையை நெருக்கும்.

மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் செலுத்தி, அதன் மேல் பலூனை நகர்த்தி ஊதுவார்கள். அது கொழுப்புத் திட்டைச் சுவரோடு அழுத்திப் பாதையை விரிக்கும். மறுபடி சுருங்காமல் தாங்குவதுதான் ஸ்டென்ட் என்ற உலோக வலை.

சரி, மாத்திரை? வெறும் உலோகத்தைக் கண்டால் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும். புதுச் சவ்வு வளர்ந்து வலையை மூட மாதக்கணக்காகும். அதுவரை தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொன்றும், பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் வரை, சேர்த்துத் தருவார்கள். நடுவில் நிறுத்தினால் வலைக்குள் ரத்தம் உறைந்து குழாய் திடீரென முழுதாக அடைபடலாம்; அது மாரடைப்பு. பல் பிடுங்குவதற்காக நிறுத்தச் சொன்னாலும் முதலில் இதய மருத்துவரைக் கேளுங்கள். அப்புறம், ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மற்றக் குழாய்களுக்கும் சேர்த்துத்தான். ஸ்டென்ட் சரிசெய்தது ஓர் இடத்தை மட்டுமே.