ஏறுபடி வடிவத்தில் ஒரு பிவட், இரண்டு வேலை

கேள்வி: 3×4 அணியில் நிரைகள் நாலு எண் நீளம், நிரல்கள் மூணு எண் நீளம். ரெண்டும் வேற வேற வெளியில இருக்கு. அப்புறம் எப்படி நிரைத் தரமும் நிரல் தரமும் எப்பவும் ஒரே எண்ணா வருது?

ஒரு சிறிய அணியைக் கையால் சுருக்கினாலே காரணம் தெரிந்துவிடும்.

```
A = 1 2 1 3
    2 4 3 8
    3 6 4 11
```

நிரை 2-இலிருந்து நிரை 1-இன் 2 மடங்கைக் கழியுங்கள், நிரை 3-இலிருந்து 3 மடங்கைக் கழியுங்கள். இரண்டும் `0 0 1 2` என்றே வரும். அதனால் மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பூச்சிய நிரை. கடைசியாக முதல் நிரையிலிருந்தும் புதிய இரண்டாம் நிரையைக் கழித்துவிட்டால் சுருக்கிய ஏறுபடி வடிவம் கிடைக்கும்:

```
R = 1 2 0 1
    0 0 1 2
    0 0 0 0
```

நிரைகளின் பக்கம் எளிது. ஒவ்வொரு படியையும் பின்னோக்கிச் செய்து பழைய நிரைகளை மீட்கலாம் என்பதால், A-இன் நிரைகள் உருவாக்கும் வெளியும் R-இன் நிரைகள் உருவாக்கும் வெளியும் ஒன்றே. பூச்சியமில்லாத நிரைகள் இரண்டு. ஒரு நிரையில் பூச்சியமில்லாத முதல் எண்தான் அதன் பிவட். ஒவ்வொன்றின் பிவட் இருக்கும் நிரலிலும் மற்றதில் 0 இருப்பதால் அவை ஒன்றையொன்று சாராதவை. நிரைத் தரம் 2.

நிரல்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிரைச் செயல்கள் நிரல் வெளியை மாற்றிவிடும். R-இன் எல்லா நிரல்களும் 0-இல் முடிகின்றன, A-இன் முதல் நிரலோ 3-இல் முடிகிறது. ஆகவே R-இன் பிவட் நிரல்களையே A-இன் நிரல் வெளிக்கு அடுக்களமாக எழுதினால் விடை தவறு. A-இன் 1, 3-ஆம் நிரல்களைத்தான் எடுக்க வேண்டும்.

மாறாமல் இருப்பது நிரல்களுக்கு இடையிலான உறவு. R-இல் நிரல் 2 என்பது நிரல் 1-இன் 2 மடங்கு. நிரல் 4 என்பது நிரல் 1-உடன் நிரல் 3-இன் 2 மடங்கைக் கூட்டியது. A-இல் சரிபாருங்கள்: (1,2,3) + 2(1,3,4) = (3,8,11). அப்படியே பொருந்துகிறது. இது தற்செயல் இல்லை. நிரல்களுக்கு இடையிலான ஒவ்வோர் உறவும் Ax = 0 என்பதன் ஒரு தீர்வு; நிரைச் செயல்கள் அந்தத் தீர்வுகளைத் தொடுவதே இல்லை. R-இன் பிவட் நிரல்கள் (1,0,0), (0,1,0) சார்பற்றவை, மற்றவை அவற்றிலிருந்து வருபவை. A-இலும் அதே நிலைதான். நிரல் தரமும் 2.

ஆக, ஒவ்வொரு பிவட்டும் ஒரு நிரையையும் ஒரு நிரலையும் சேர்த்தே கணக்கில் கொண்டுவருகிறது. நீளம் 4 ஆனாலும் 3 ஆனாலும் எண்ணப்படுவது பிவட்டுகள்தான்.

இதை ஒரே வரியில் பார்க்கவும் வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்:

```
A = 1 1   ×   1 2 0 1
    2 3       0 0 1 2
    3 4
```

இடது அணி A-இன் பிவட் நிரல்கள், வலது அணி R-இன் பூச்சியமில்லாத நிரைகள். நிரல் நிரலாகப் படித்தால், வலது அணியின் (1,2) என்ற கடைசி நிரல் A-இன் நான்காம் நிரலை உருவாக்கும் செய்முறை. நிரை நிரையாகப் படித்தால், இடது அணியின் (3,4) என்ற கடைசி நிரை A-இன் மூன்றாம் நிரையை உருவாக்குகிறது: 3(1,2,0,1) + 4(0,0,1,2) = (3,6,4,11).