வளைகாப்புக்குப் பாதாம் பால்: பாதி சூடாக, பாதி ஜில்லென்று

"அக்கா, சித்திரை கடைசியில் மன்னார்குடி வீட்டில் என் தங்கைக்கு வளைகாப்பு. 40 பேர் வருவார்கள். பெரியவர்களுக்குச் சூடாகவும், பிள்ளைகளுக்கு ஜில்லென்றும் பாதாம் பால் கொடுக்க ஆசை. போன தடவை நான் செய்தபோது பாதாம் அடியில் மணல் மாதிரி தங்கிவிட்டது, குங்குமப்பூ போட்டும் நிறம் வரவில்லை, சூட்டில் சரியாக இருந்த இனிப்பு ஃபிரிட்ஜில் வைத்ததும் காணாமல் போய்விட்டது. எங்கே தப்பு?"

இனிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் கைப்பழக்கத்தில் சரியாகிவிடும், இதற்கு மட்டும் காரணம் தெரிய வேண்டும். சர்க்கரை எங்கேயும் போகவில்லை. குளிர்ந்த பண்டத்தில் இனிப்பை நம் நாக்கு குறைவாகத்தான் உணரும். ஃபிரிட்ஜில் வைத்த பாயசம் மறுநாள் சப்பென்று இருப்பதும், உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவதும் இதனால்தான். அதனால் ஒரே பாலில் ஒரே அளவு சர்க்கரையைப் போட்டு, பாதியைச் சூடாகவும் பாதியைக் குளிரவைத்தும் கொடுத்தால் இரண்டில் ஒன்று கண்டிப்பாகத் தப்பும். கெட்டிப்பதமும் அப்படித்தான், சூட்டில் சரியாக இருக்கும் பால் குளிர்ந்ததும் ஒரு படி இறுகும். ஆகவே அடிப்படைப் பாலை ஒன்றாகக் காய்ச்சுங்கள், சர்க்கரை போடுவதற்கு முன்னால் இரண்டு பாத்திரமாகப் பிரித்துவிடுங்கள். உங்கள் 40 பேர் கணக்கையே வைத்துச் சொல்கிறேன்.

110 மில்லி பிடிக்கும் சின்ன டம்ளர் போதும், பாதாம் பாலைப் பெரிய டம்ளரில் கொடுத்தால் பாதி மிச்சம்தான் வரும். இதற்கு 5 லிட்டர் பால், 250 கிராம் பாதாம், 50 கிராம் முந்திரி, அரை கிராம் குங்குமப்பூ, சர்க்கரை 350 கிராமுக்குள், ஏலக்காய் பத்து. கறந்த பசும்பால் கிடைத்தால் நல்லது. பாக்கெட் என்றால் ஆவின் பச்சை எடுங்கள். ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு கூடுதல், பாதாமிலும் எண்ணெய் இருப்பதால் குளிரவைத்ததும் மேலே ஒரு படலம் நிற்கும். நீலம் ரொம்ப நேரம் சுண்ட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் முதல் நாளே முடித்துவிடுங்கள். காலை எட்டு மணிக்குப் பாதாமை ஊறப்போட்டால் மாலை நாலுக்கு உரிக்கலாம். சித்திரை வெயிலில் வெளியே எட்டு மணி நேரம் வைத்தால் தண்ணீர் நுரைத்துப் புளிப்பு வாடை அடிக்கும், பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஊறப்போடும் முன் நாலைந்து பருப்பை எடுத்துக் கடித்துப் பாருங்கள், சிக்கு வாடை வந்தால் அந்தப் பாக்கெட்டே வேண்டாம், கொதிக்கவைத்தாலும் அது போகாது. ஊறிய பாதாமை வடித்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் மட்டும் போட்டெடுத்தால் இரண்டு விரலால் அழுத்தும்போதே தோல் வழுக்கி வந்துவிடும். தோலில் துவர்ப்பு உண்டு, பாலில் பழுப்புப் புள்ளியாகவும் தெரியும். உரிக்கும்போதே, சுருங்கிப்போனது, உள்ளே மஞ்சளடித்தது இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மணல் மாதிரி தங்கியதற்கு இரண்டு காரணம் இருக்கும். ஒன்று அரைப்பு. நிறையப் பாலை ஊற்றி மிக்ஸியை ஓடவிட்டால் பருப்பு பிளேடில் படாமல் சுழன்றுகொண்டே இருக்கும், எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ரவைக்குக் கீழே இறங்காது. 5 லிட்டரிலிருந்து அரை லிட்டர் பாலைத் தனியாகக் காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளுங்கள். பாதாமையும், அரை மணி நேரம் ஊறவைத்த முந்திரியையும் மூன்று தடவையாகப் பிரித்து, முதலில் பால் இல்லாமல் இரண்டு சுற்று விட்டு உடைத்து, பிறகு ஒவ்வொரு கரண்டியாகப் பாலை விட்டு, சட்னி பதத்திலேயே வைத்து அரைக்க வேண்டும். நடுநடுவே நிறுத்தி ஓரத்தை வழித்துவிடுங்கள், ஜார் சூடானால் கொஞ்சம் பொறுங்கள், சூட்டில் பாதாம் எண்ணெய் விடும். விழுதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேயுங்கள், சந்தனம் மாதிரி வழுக்க வேண்டும், ஒரு பொடி நெருடினாலும் இன்னும் ஒரு சுற்று. வீட்டில் கிரைண்டர் இருந்தால் இந்த அளவுக்கு அதுவே மேல், இருபது நிமிடத்தில் மிக்ஸியால் வராத நைசு வரும். அந்த அரை லிட்டரில் மீதியுள்ள பாலை விழுதோடு கலந்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் பாதாமின் குணம். அதில் மாவுச்சத்து மிகக் குறைவு, அதனால் பாலைத் தானாகக் கெட்டியாக்கிப் பிடித்து நிறுத்தாது, எவ்வளவு நைசாக அரைத்தாலும் கொஞ்சம் அடியில் இறங்கத்தான் செய்யும். முந்திரியில் மாவுச்சத்து உண்டு, சூட்டில் அது பாலை லேசாகக் குழைவாக்கி பாதாமையும் தாங்கிக்கொள்ளும். ஐந்து பங்கு பாதாமுக்கு ஒரு பங்கு முந்திரி என்றால் ருசியில் தெரியாது, அதற்கு மேல் போனால் முந்திரிப் பாலாகிவிடும். சோள மாவோ கஸ்டர்டு பவுடரோ போடுகிறவர்கள் உண்டு, சூட்டில் நன்றாகத்தான் இருக்கும், குளிர்ந்ததும் கூழ் மாதிரி இழுக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

மாலை அஞ்சு மணிக்கு அடுப்பு. அகலமான, அடி கனமான பாத்திரத்தில் நாலரை லிட்டர் பாலை ஊற்றிக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஓரத்தில் ஒட்டும் ஆடையை வழித்து உள்ளேயே விட்டு, சுமார் 4 லிட்டராகச் சுண்ட விடுங்கள். பாலை ஊற்றியதும் கரண்டிக் காம்பை நேராக உள்ளே விட்டு நனைந்த இடத்தில் நூல் கட்டிவைத்தால் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது சுலபம், ஒன்பதில் ஒரு பங்கு இறங்கினால் போதும். விழுதை இதற்கு முன்னால் சேர்க்காதீர்கள், அது அடியில் உட்கார்ந்து தீய்ந்தால் மொத்தப் பாலிலும் அந்த வாசனை ஏறிவிடும். சுண்டிய பிறகு விழுதை ஒரு கரண்டி பாலில் கரைத்து ஊற்றி, சின்னத் தீயில் கை விடாமல் பத்து நிமிடம் கிளறுங்கள். முதலில் பச்சைப் பருப்பு வாடை வரும், அது அடங்கி இனிப்பான வாசனை எழும்போது வெந்துவிட்டது என்று அர்த்தம். அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள், மேல் பாலை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது பிரிக்க வேண்டும். ஏறக்குறைய 4.8 லிட்டர் இருக்கும். பாதியை எடுத்துவிடுங்கள், அது ஜில் பங்கு, கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். சின்னக் கண் உள்ள வடிகட்டியில் ஒரு தடவை வடித்துவிடுங்கள், குளிர்ந்த பாலில் சின்னத் துகளும் நாக்கில் உறுத்தும். சூடான பங்கை வடிக்காமல் இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அதற்கு 150 கிராம் சர்க்கரை, ஜில் பங்குக்கு 190 கிராம், அதாவது கால் பங்கு கூடுதல். சூட்டில் குடித்துப் பார்த்தால் ஜில் பங்கு திகட்டும், பயந்து தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் இரண்டு ஸ்பூன் எடுத்து ஃப்ரீசரில் கால் மணி நேரம் வைத்து, அப்புறம் ருசி பார்த்து முடிவு செய்யுங்கள். வெல்லம் சேர்க்க ஆசைப்பட்டால் கொதிக்கும் பாலில் போடாதீர்கள், திரிந்துவிடும். பனங்கற்கண்டு நல்லதுதான், ஆனால் பால் பழுப்பாகும், குங்குமப்பூவின் நிறமும் மணமும் அதில் அடங்கிப்போகும்.

குங்குமப்பூ. அதன் நிறம் தண்ணீரில் கரையும், கொழுப்பில் கரையாது, அதனால் கொதிக்கும் கெட்டிப் பாலில் இழையை அப்படியே தூவினால் சாயம் முழுவதும் இறங்க நேரமே கிடைக்காது, அதன் மணமோ ஆவியோடு போய்விடும். சூடேற்றி அடுப்பை அணைத்த இரும்புக் கரண்டியில் இழையைச் சில விநாடி காட்டினால் மொறுமொறுப்பாகும், அதை ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு சின்ன உரலில் நுணுக்கி, கால் டம்ளர் வெந்நீரில் அரை மணி நேரம் மூடிவையுங்கள். அதில் பாதியை ஜில் பங்கு வெதுவெதுப்பாக ஆறியதும் கலந்துவிடுங்கள், இரவு முழுக்க ஊறி நிறம் இன்னும் ஏறும். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடான பங்கை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேருங்கள். கிடைப்பது இளம் மஞ்சள்தான். கடைப் பாலில் பார்க்கும் ஆரஞ்சு நிறத்தை எதிர்பார்த்து ஒரு கிராமையும் கொட்டினால் மருந்து மாதிரி கசக்கும். வாங்கியது நல்லதா என்று பார்க்க இரண்டு இழையைத் தண்ணீரில் போடுங்கள்: நல்ல பூ மெதுவாக மஞ்சளாக இறங்கும், இழை சிவப்பாகவே இருக்கும், சாயம் போட்டது உடனே சிவப்பைக் கக்கிவிட்டு வெளுத்துப்போகும். ஏலக்காயை ஒவ்வொரு பங்குக்கும் ஐந்துக்கு மேல் தட்டிப் போடாதீர்கள், குங்குமப்பூ வாசனையே தெரியாது. தங்கைக்குக் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று யாராவது அவள் டம்ளரில் தனியாகப் பூ அள்ளிப் போட வந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், அதற்கும் குழந்தையின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை.

ஆறவைப்பதில்தான் நான் ஒரு தடவை பெரிதாக ஏமாந்தேன். கும்பகோணத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம், எட்டு லிட்டர் பாதாம் பாலைச் சூட்டோடு பெரிய பாத்திரத்தில் மூடி அப்படியே ஃபிரிட்ஜில் ஏற்றினேன். காலையில் மூடியைத் திறந்ததும் புளிப்பு. வெளிப்பக்கம் ஜில்லென்று இருந்தாலும் அவ்வளவு பாலின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்திருக்கிறது, கெட்டுப்போக அது போதும். மொத்தத்தையும் கொட்டினோம். அதனால் பாத்திரத்தை அகலமான அன்னக்கூடையில் தண்ணீரும் ஐஸும் விட்டு அதில் இறக்கி, கிளறிக்கொண்டே அரை மணி நேரத்தில் ஆறவையுங்கள், கிளறினால் ஆடையும் கட்டாது. அப்புறம் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகாத பாத்திரங்களாகப் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடான பங்கையும் இப்படியே ஆறவைத்துத்தான் வைக்க வேண்டும்.

மறுநாள் வளையல் போட ஆரம்பிக்கும்போது சூடான பங்கைச் சின்னத் தீயில் கிளறிக் கொதி காட்டி இறக்கினால் போதும். இறுகியிருந்தால் காய்ச்சிய பாலை ஒரு டம்ளர் விட்டுத் தளர்த்துங்கள். ஜில் பங்கில் ஐஸ் கட்டி போடாதீர்கள், நீர்த்துப்போகும். டம்ளர்களை முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வைத்தால் பந்தலில் கொஞ்ச நேரம் குளிர்ச்சி நிற்கும். எதை ஊற்றினாலும் கரண்டியை அடிவரை விட்டு ஒரு கலக்கு கலக்கி ஊற்றச் சொல்லுங்கள், முதல் பத்துப் பேருக்கு வெறும் பாலும் கடைசிப் பிள்ளைக்கு விழுதும் போய்விடக் கூடாது. ஜில் பால் வெளியே வந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் மிச்சத்தைத் திரும்ப ஃபிரிட்ஜில் ஏற்ற வேண்டாம்.