சுவரில் மூன்று வரி உயரம்

*அன்புள்ள ஐயா, எங்கள் தோப்பில் நேற்று மாலை எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். ஊரில் எல்லோரும் சிறுத்தை என்கிறார்கள். பின்னால் உள்ள ஹாலோ பிளாக் சுவரில் மூன்று வரி உயரம் இருக்கிறது. ஒரு வரி 20 செ.மீ., ஆக 60 செ.மீ. வாசற்படியில் நின்று எடுத்தேன். அங்கிருந்து சுவர் 12 மீட்டர் தூரம், அது நின்ற தென்னை 8 மீட்டர் தூரம். சிறுத்தைதானா?*
*– வாசகர், பொள்ளாச்சி*

அன்புள்ள நண்பருக்கு,

இது காட்டுப்பூனை. தூரங்களை அளந்து எழுதியது நல்லதாயிற்று, விடை அதில்தான் இருக்கிறது.

படத்தில் பாதங்களைப் பாருங்கள். அவை சுவரின் அடியில் இல்லை, நன்றாகக் கீழே, தென்னம்பாத்தியின் ஓரத்தில் இருக்கின்றன. அதாவது விலங்கு சுவருக்கு 4 மீட்டர் முன்னால் நிற்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் உள்ளது பெரிதாகத் தெரியும் என்பதால், சுவரின் கல்லை வைத்து அதை அப்படியே அளக்க முடியாது. சுவரின் வரியை வைத்து நீங்கள் அளந்த 60 செ.மீ.யை 8ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 40 செ.மீ. வருகிறது. வளர்ந்த சிறுத்தையின் தோள் உயரம் பெரும்பாலும் 60 செ.மீ.யை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். காட்டுப்பூனைக்கு 40 செ.மீ. என்பது நல்ல வளர்த்தி.

தூரத்தில் ஒரு மீட்டர் பிசகியிருந்தால்? 9 மீட்டர் என்று வைத்தாலும் 45தான் வரும். புல்லில் பாதம் கொஞ்சம் புதைந்திருந்தால் இன்னும் சில செ.மீ. கூடும், அவ்வளவுதான்.

போனில் ஜூம் செய்ததால் கணக்கு மாறுமோ என்று யோசிக்க வேண்டாம். ஜூம் விலங்கையும் சுவரையும் சேர்த்தேதான் பெரிதாக்கும். நீங்கள் நின்ற இடம்தான் விகிதத்தை மாற்றும். பத்து அடி முன்னால் போய் எடுத்திருந்தால் அதே பூனை மூன்றரை வரிக்கு மேல் உயரமாகத் தெரிந்திருக்கும், ஊரே கதவைச் சாத்தியிருக்கும்.

சரி, சிறுத்தைக் குட்டியாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். உயரம் மட்டும் அதற்குப் பதில் சொல்லாது. குட்டிக்கும் உடம்பெல்லாம் புள்ளி இருக்கும், வால் நீளமாக இருக்கும். உங்கள் படத்தில் உடல் புள்ளியில்லாத மணல் நிறம். வால் பின்னங்காலின் முட்டிக்குச் சற்றுக் கீழேயே முடிகிறது, நுனியில் கறுப்பு வளையங்கள். பெயர் சொல்ல எனக்கு இவ்வளவு போதும்.

ஊரார் நம்பவில்லையென்றால் ஒன்று செய்யுங்கள். 40 செ.மீ. குச்சி ஒன்றைப் பாத்தியின் அதே ஓரத்தில் நட்டு, அதே படியில் நின்று, போனை அதே உயரத்தில் பிடித்துப் படம் எடுங்கள். குச்சியும் படத்தில் சுவரின் மூன்று வரி உயரம் இருக்கும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.