ஆன்லைன் சீட்டாட்டத்தில் கலைப்பது நேர்மையா?

“ஆன்லைனில் சீட்டைக் கலைப்பது யார்? அது நேர்மையாக நடக்கிறது என்று எப்படித் தெரியும்?”

கலைப்பது ஒரு நிரல். அதற்கு ஊகிக்க முடியாத எண்களைத் தருவதுதான் ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர். முதல் இடத்துக்கு 52 சீட்டில் ஒன்று, அடுத்த இடத்துக்கு மிச்சமுள்ள 51-ல் ஒன்று என்று வரிசை உருவாகும். கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவது மாதிரி.

ஆனால் பல ஜெனரேட்டர்கள் ‘விதை’ எனும் ஒரு தொடக்க எண்ணிலிருந்தே எல்லா எண்களையும் கணக்கிடும். விதை தெரிந்தால் மொத்த வரிசையும் தெரிந்துவிடும். 1999-ல் ஒரு போக்கர் மென்பொருள் இப்படித்தான் மாட்டியது. நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்பதே அதன் விதை. 52 சீட்டை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கம். அந்த மென்பொருளாலோ ஒரு நாளில் 8.64 கோடி வரிசைகளைத்தான் தர முடியும். சர்வரின் கடிகாரத்தை ஒட்டி ஊகித்தால் சுமார் 2 லட்சம்தான் மிஞ்சும். அப்புறம் கையிலுள்ள 2 சீட்டும் மேசையில் விரித்த 3 சீட்டும் போதும்; எதிராளியின் சீட்டு உட்பட எல்லாம் தெரிந்துவிடும்.

அதனால்தான் தணிக்கை செய்யும் ஆய்வகம் விதை எங்கிருந்து வருகிறது என்று மூல நிரலிலேயே தேடுகிறது. பிறகு லட்சக்கணக்கான முறை கலைக்கவைத்து, ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஏறக்குறைய சம அளவில் வருகிறதா என்று எண்ணுகிறது. சோதித்த நிரல்தான் ஓடுகிறதா என்பதை அதன் ஹாஷ், அதாவது கைரேகை போன்ற குறியீடு, காட்டிக்கொடுக்கும்.

தொடர்ந்து நாலு ஆட்டம் மோசமான சீட்டு வந்தால் மோசடி என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மையாகக் கலைத்தாலும் அப்படித் தொடர்ச்சிகள் வரும், அவை வரவே இல்லை என்றால்தான் தணிக்கையாளருக்குச் சந்தேகம் எழும்.