சிப்ஸ் பாக்கெட் போடுவதற்கு முன்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: தக்கலை பக்கத்தில் இருக்கிறோம். ஏத்தங்காய் சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் வீட்டில் போட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வந்தேன். இப்போது இரண்டு பேக்கரிக்காரர்கள் பாக்கெட் போட்டுத் தரச் சொல்கிறார்கள். கையில் இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது. பெயர் அச்சடித்த கவர் என்றால் குறைந்தது ஐயாயிரம் எடுக்கணும் என்கிறார் கவர்காரர். லைசென்ஸ் எடுத்துத் தர ஒருவர் நாலாயிரம் கேட்கிறார். எதை முதலில் வாங்கணும், எதை விடலாம்?

பதில்: அச்சடித்த கவரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பதிவு எண், எடை, விலை எல்லாம் அதில் ஏறிவிடும். தேங்காய் எண்ணெய் விலை ஏறி நீங்கள் 200 கிராமை 180 ஆக்கினால் மீதிக் கவரெல்லாம் குப்பை. அச்சுக்கு நிறத்துக்கு ஒரு அச்சு உருளை என்று தனிச் செலவும் வரும். வெறும் கவரும் ஸ்டிக்கரும் போதும். பேக்கரிக்காரர் அழகு பார்த்து வாங்கவில்லை, உங்கள் சிப்ஸைத் தின்று பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்.

அந்த நாலாயிரமும் வேண்டாம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று போதும். உரிமம் பெரிய அளவில் விற்பவர்களுக்குத்தான். பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். foscos.fssai.gov.in தளத்தில் நீங்களே மனுப் போடலாம், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் சொல்லிப் போடலாம். படம், அடையாள அட்டை, வீட்டு முகவரிக்கான சான்று கேட்பார்கள். மனுவில் சிப்ஸையும் வரட்டியையும் இரண்டாகவே காட்டுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்தான் ஸ்டிக்கரில் ஏற வேண்டும். ஆகவே அது கைக்கு வரும்வரை ஸ்டிக்கர் கடைப் பக்கம் போகாதீர்கள்.

பலரும் மறப்பது தராசை. ஆன்லைனில் கிடைக்கும் சமையலறைத் தராசு சரியாகவே காட்டினாலும், விற்பனைக்கு எடை போட அது செல்லாது. அரசு முத்திரை வைக்கத் தகுந்த மாடலா என்று கேட்டு, தராசு விற்கும் கடையிலேயே வாங்குங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை புதுப்பிக்க வேண்டும். பாக்கெட் போட்டு விற்பவர் எடையளவுச் சட்டத்தின்கீழ் ஒரு தடவை பதிவும் செய்ய வேண்டும். கட்டணம் 500 ரூபாய், தொடங்கிய 90 நாளுக்குள். இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. எடை போடும்போது வெறும் கவரைத் தட்டில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு நிரப்புங்கள். நிகர எடை என்பது கவர் போக உள்ள எடை.

இனி கவர். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. காற்றில் ஈரம் இல்லாத மாதம் குறைவு. சாதாரணக் கண்ணாடிக் கவரில் போட்ட சிப்ஸ் இங்கே சீக்கிரமே நமத்துவிடும். கடை விளக்கும் வெயிலும் பட்டால் எண்ணெய் காறவும் செய்யும். உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள லேமினேட் கவர் விலை கூடுதல்தான், ஆனால் ஈரத்தையும் வெளிச்சத்தையும் ஒருசேரத் தடுக்கும். கோட்டாறு கடைவீதியில் சின்ன எண்ணிக்கையிலும் கேட்டுப் பாருங்கள். முதலில் நூறு மட்டும் வாங்கிச் சோதியுங்கள்.

ஒட்டுவதற்குக் கையால் அழுத்தும் சீலரே இப்போதைக்குப் போதும். கவரின் அகலத்தைவிட இரண்டு அங்குலம் நீளமானதாக எடுங்கள். சூடு குறைந்தால் ஒட்டிய இடம் இழுத்தால் பிரியும், கூடினால் சுருங்கிக் கருகும். நடுவில் உங்கள் கவருக்குப் பொருந்தும் சூட்டு அளவைக் கண்டுபிடித்துக் குறித்து வையுங்கள். ஒட்டிய பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழ் வந்தால் ஒழுகல். பெரும்பாலும் காரணம் இயந்திரமாக இராது. கவர் வாயில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் சிப்ஸ் தூளும்தான். அகன்ற வாய்ப் புனல் வைத்து நிரப்பி, வாயைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். சிப்ஸ் முழுக்க ஆறின பிறகே பாக்கெட்டில் போக வேண்டும். வெதுவெதுப்போடு போட்டால் ஆவி உள்ளேயே நின்று சிப்ஸ் நமத்துவிடும். ஆறியதைப் பாக்கெட் போடும்வரை வைக்க மூடியுள்ள எவர்சில்வர் டிரம் வாங்குங்கள். கழுவிய பெயிண்ட் வாளி கூடவே கூடாது.

ஸ்டிக்கரைத் தமிழில் மட்டும் அடித்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி; தமிழைக் கூடுதலாகப் போடலாம், போடவும் வேண்டும். உங்கள் சிப்ஸுக்கு இப்படி வரும்: பெயர், ஏத்தங்காய் சிப்ஸ். உட்பொருட்கள், எது அதிகமோ அது முதலில்: ஏத்தங்காய், தேங்காய் எண்ணெய், உப்பு, மஞ்சள் தூள். நிகர எடை 200 கிராம். அதிகபட்ச விலை 100 ரூபாய், எல்லா வரியும் உட்பட. ஒரு கிராம் விலை 50 காசு. இதையும் தனியாக எழுத வேண்டும். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண். உங்கள் பெயர், முழு முகவரி, புகார் சொல்லத் தொலைபேசியும் மின்னஞ்சலும். சதுரத்துக்குள் பச்சை வட்டம், உணவுப் பாதுகாப்பு முத்திரையும் 14 இலக்க எண்ணும். ஊட்டச்சத்து அட்டவணைக்கு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்து வாங்குங்கள். வேறு கம்பெனி பாக்கெட்டைப் பார்த்துக் காப்பி அடிப்பது பொய்த் தகவல்தான். வரட்டிக்கு வெல்லம், சுக்கு என்று தனி ஸ்டிக்கர்.

தேதியை மட்டும் ஸ்டிக்கரில் முன்கூட்டியே அடிக்காதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு, பாக்கெட் போடும் நாளில் தேதி முத்திரையால் குத்துங்கள். பேனாவால் எழுதினால் எண்ணெய்க் கை பட்டதும் அழியும். பில் மிஷின் போன்ற சூடு அச்சு ஸ்டிக்கரும் வெயிலில் மங்கிவிடும். காலாவதியை எப்படித் தீர்மானிப்பது? மழைக்காலப் பேட்ச் ஒன்றில் பத்து பாக்கெட்டை எடுத்து வைத்து, வாரம் ஒன்றாகப் பிரித்துத் தின்று பாருங்கள். நமத்தோ காறியோ போன வாரத்துக்கு முந்திய வாரத்திலிருந்தும் சற்றுக் குறைத்து எழுதுங்கள். பேக்கரிக்காரர் "மூணு மாசம் போடுங்க" என்பார். கெட்டுப் போனால் புகார் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

சுத்தச் சாமான்களுக்குப் பெரிய செலவு இல்லை: தலை உறை, பருத்தி ஏப்ரன், காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டி, சமையலுக்கு மட்டும் தனித் துணிகள். காய் சீவும்போதும் பாக்கெட் போடும்போதும் கையுறை போடலாம், கொதிக்கும் எண்ணெய் அருகே வேண்டாம், உருகி ஒட்டும். கிணற்றுத் தண்ணீர் என்றால் அதைச் சோதித்துச் சீட்டு வாங்கி வையுங்கள். சமைப்பவருக்கு மருத்துவச் சான்றும் கேட்பார்கள்.

நிறத்துக்கு மஞ்சளைத் தவிர எதுவும் வேண்டாம். கடையில் "சிப்ஸ் கலர்" என்று தரும் பொடி சிப்ஸுக்கு அனுமதிக்கப்பட்டதல்ல, சோதனையில் முதலில் சிக்குவதும் அதுதான். எண்ணெயைப் பொறுத்தவரை, திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் கெட்ட பொருளான துருவக் கூட்டுப்பொருள் 25 சதவீதம் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி. வீட்டில் அதை அளக்க வழியில்லை. நுரை அடங்காமல் பொங்குவது, கருத்துக் குழகுழப்பது, சூடேறுமுன்பே புகைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள். பழைய எண்ணெயில் புது எண்ணெயை ஊற்றி நிரப்பிக்கொண்டே போவதால் மிச்சம் எதுவும் இல்லை. காறல் வாடை அடுத்த பேட்ச் முழுவதிலும் ஏறிவிடும்.