சத்துமாவின் சேர்மானம் மாறினால் பழைய பக்கத்தைத் திருத்தலாமா?

கேள்வி: அமேசானில் மூன்று வருஷமாக வீட்டுச் சத்துமாவு விற்கிறேன். 500 கிராம் பவுச், 320 ரூபாய். 340 ரிவ்யூ சேர்ந்திருக்கிறது. இப்போது பவுச் டிசைனை மாற்றி, எடையை 400 கிராமாக்கி, முந்திரியும் பாதாமும் சேர்க்கப் போகிறேன். விலை 290 ரூபாய். இருக்கிற பக்கத்தையே திருத்திவிட்டால் ரிவ்யூ எல்லாம் அப்படியே இருக்கும்தானே? பழைய பவுச் 62 பாக்கி. அதில் 45 அமேசான் கிடங்கில் இருக்கிறது.

பதில்: புதுப் பக்கம்தான் போட வேண்டும். நீங்கள் சொன்ன மூன்று மாற்றங்களும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. பவுச் டிசைன் மட்டும் மாறியிருந்தால் பழைய பக்கத்தில் படத்தை மாற்றினால் போதும், பார்கோடும் பழையதே இருக்கலாம். எடையும் சேர்மானமும் மாறும்போதுதான் அது வேறு பொருளாகிறது.

எந்த மாற்றம் எந்தப் பக்கம் சேரும் என்று பார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் உங்களிடம் வாங்கிய ஒரு அம்மா, தன் ஆர்டர் பட்டியலுக்குப் போய் பெயரை மட்டும் பார்த்துவிட்டு "Buy it again" அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொத்தான் அவரை அமேசான் பழைய பக்கத்துக்குக் கொடுத்த ASIN எண்ணுக்குத்தான் கொண்டுபோகும். அதே பக்கத்தை நீங்கள் திருத்தியிருந்தால், அவர் கேட்டது முந்திரி இல்லாத மாவு, வீட்டுக்கு வருவது முந்திரி உள்ள மாவு. புதுப் பவுச் மட்டும் வந்திருந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். இது அப்படியில்லை. குழந்தைக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது என்பதற்காகவே உங்கள் மாவைத் தேடிப் பிடித்தவர்கள் இருக்கலாம். உங்கள் 340 ரிவ்யூவையும் ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள். "இதில் கொட்டை வகை எதுவும் இல்லை, பயமில்லாமல் கொடுக்கலாம்" என்கிற மாதிரி ஒன்று இருந்தாலும் போதும், அந்த வரி நாளைக்குப் புது மாவின் கீழே நின்று பொய் சொல்லும். உணவு லேபிளில் முந்திரி, பாதாம் போன்றவை சேர்ந்திருப்பதைத் தனியே அறிவிக்கச் சொல்வதும் இந்தக் காரணத்துக்காகத்தான். லேபிளை நீங்கள் சரியாக அச்சிட்டாலும், பழைய ரிவ்யூ அதற்கு எதிராகப் பேசிக்கொண்டிருக்கும்.

எடையும் அப்படித்தான். 500 கிராம் 320 ரூபாய் என்றால் கிராமுக்கு 64 பைசா. 400 கிராம் 290 ரூபாய் என்றால் 72.5 பைசா. "அரைக்கிலோவுக்கு இந்த விலை நியாயம்" என்று ஒருவர் எழுதியது இனி உண்மை இல்லை. விலை ஏற்றுவது உங்கள் உரிமை. ஆனால் பழைய விலைக்குக் கிடைத்த பாராட்டைப் புது விலைக்குக் காட்டக்கூடாது.

பார்கோடு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. பவுச்சில் அறிவிக்கும் நிகர எடை மாறினால் புது எண் வேண்டும் என்பது பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதி. எத்தனை கிராம் மாறினாலும் சரி. லேபிளில் எழுத வேண்டிய அளவுக்குச் சேர்மானம் மாறினாலும் இதே கதைதான். ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவு செய்தபோது உங்களுக்கு ஒரு தொகுதி எண்கள் கொடுத்திருப்பார்கள். அதில் இதுவரை பயன்படுத்தாத எண் ஒன்றை எடுங்கள். பழைய எண்ணை இன்னொரு பொருளுக்குத் திரும்பப் போடாதீர்கள்.

பழைய பக்கத்தையே திருத்தினால் கிடங்கில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த ஒரு ஊறுகாய்க்காரரிடம் நேரிலேயே பார்த்தேன். நல்லெண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தவர், கடலை எண்ணெய்க்கு மாறி, இருந்த பக்கத்திலேயே படத்தையும் விவரத்தையும் மாற்றிவிட்டார். கிடங்கில் பழைய பாட்டில் முப்பதுக்கு மேல் இருந்தது, அதன் மேலேயே புதுச் சரக்கை அனுப்பினார். இரண்டுக்கும் ஒரே பார்கோடு. ஸ்கேன் செய்கிற பையனுக்கு இரண்டும் ஒன்றுதான், கைக்கு வந்ததை எடுத்து அனுப்பினான். பக்கத்தில் கடலை எண்ணெய் என்று பார்த்து வாங்கியவருக்கு நல்லெண்ணெய் ஊறுகாய் போனது. "படத்தில் இருப்பது வரவில்லை" என்று ரிட்டர்ன் வர ஆரம்பித்த பிறகுதான் அவருக்கே விஷயம் புரிந்தது. கடைசியில் கலந்துபோன சரக்கு மொத்தத்தையும் திருப்பி வரவழைத்து, பாட்டில் பாட்டிலாகப் பிரிக்க வேண்டியதாயிற்று.

அதனால் நீங்கள் இந்த வரிசையில் போங்கள். முதலில் புது எண்ணோடு புதுப் பவுச்சை அச்சுக்குக் கொடுங்கள். பெயரிலேயே "முந்திரி பாதாம் சத்துமாவு, 400 கிராம்" என்று வரட்டும். அந்த எண்ணில் புதுப் பக்கம் உருவாக்குங்கள், சரக்கை அடையாளம் காண நீங்கள் வைக்கும் SKU பெயரும் வேறாக இருக்கட்டும். பழைய பக்கத்தில் எதையும் தொடாதீர்கள். கிடங்கில் உள்ள 45, வீட்டில் உள்ள 17, இரண்டும் பழைய படத்தோடு, பழைய விலைக்கே விற்றுத் தீரட்டும். தீர்ந்த பிறகு "Close listing" போடுங்கள். "Delete product and listing" வேண்டாம். மூடி வைத்த பக்கத்தைத் திரும்பத் திறப்பது சுலபம், அழித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

இனி ரிவ்யூ. இரண்டு பக்கத்தையும் வேரியேஷனாக ஒரே குடும்பத்தில் சேர்த்துவிட்டால் 340-ம் புதுப் பக்கத்திலும் தெரியுமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதே சேர்மானத்தில் 500 கிராமும் 400 கிராமும் விற்றால் அது நியாயமான வேரியேஷன், தாராளமாகச் சேர்க்கலாம். நிறுத்தப் போகிற பொருளின் ரிவ்யூவுக்காக மட்டும் வேறு சேர்மானத்தை அதன் கீழே தொங்கவிட்டால் அது விதிமீறல். கண்டுபிடித்தால் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். அமெரிக்காவில் வைட்டமின் விற்கும் தி பவுன்டிஃபுல் கம்பெனி என்ற நிறுவனம் அமேசானில் வெவ்வேறு பொருள்களை இப்படிச் சேர்த்ததற்காக, 2023-இல் அங்குள்ள வணிக ஆணையத்துக்கு 6 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது.

எனக்குக் கேட்டால், பழைய மாவை நிறுத்த வேண்டுமா என்பதையே மறுபடி யோசியுங்கள். முந்திரி இல்லாததற்காக வாங்குகிறவர்கள் ரிவ்யூவில் பத்துப் பேர் தென்பட்டாலும், "கொட்டை வகை சேராதது" என்று அதைத் தனியே தொடரலாம். 340 ரிவ்யூவும் அதற்கே சொந்தமாக நிற்கும். ஆனால் ஒரே மிஷினில் இரண்டையும் அரைத்தால் அப்படி எழுத முடியாது. முந்திரித் தூள் அதில் ஒட்டத்தான் செய்யும். தனி மிஷின் வைக்க வசதியில்லை என்றால், முந்திரி மாவு அரைக்கத் தொடங்கும் நாளோடு பழையதை நிறுத்திவிடுவதுதான் சரி.